கிரெடிட் நோட்டும் கைக்கு வராத காசும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ உள்ள எந்த மெடிக்கல் ஷாப்பிலும், விற்பனைத் தட்டுகளிலிருந்து தள்ளி ஓர் அட்டைப்பெட்டி தனியாக இருக்க வேண்டும். அதன் மேல்பக்கத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று பளிச்சென்று எழுதியிருக்க வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(17)ஆம் விதி சொல்வது இது. காலாவதியான மருந்தை விற்கவும் கூடாது, கடையில் வைத்திருக்கவும் கூடாது. ஆனால் அதைத் திருப்பி அனுப்பவோ அதற்குரிய தொகையைப் பெறவோ அழிக்கவோ உற்பத்தியாளருடன் நடவடிக்கை எடுத்திருந்தால், அது முடியும்வரை தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்குள் கிடப்பது மருந்தாக இனி மதிப்பில்லாதது. ஆனால் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுத்த பணம் அதில் முடங்கியிருக்கிறது. தானே அழித்துவிடலாம் என்றாலும் நட்டம் இன்னும் கூடும்: அழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)ஆம் பிரிவு. ஆகவே பெட்டி ஸ்டாக்கிஸ்டிடம் போகிறது; அங்கிருந்து கம்பெனியின் சி அண்ட் எஃப் ஏஜென்டிடம் போகிறது; பதிலுக்குக் கடைக்காரர் கையில் ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளின் பெயர் கிரெடிட் நோட். அது பணமா, பணம் தருவதாகச் சொல்லும் வாக்கா என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மருந்துக் கடைகளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஜவுளியிலோ பாத்திரத்திலோ சரக்கு திரும்புவது எப்போதாவது நடப்பது. மருந்தில் அது ஆண்டு முழுவதும் நடப்பது; ஒவ்வொரு பட்டையிலும் நாள் குறித்திருப்பதால் தவிர்க்க முடியாதது. ஆகவே திரும்பிய சரக்குக்குப் பணமா, அடுத்த கொள்முதலில் கழிவா என்ற வழக்கு எப்படி நடக்கிறது, எங்கே கசிகிறது என்பதை வேறெந்த வியாபாரத்தைவிடவும் இங்கே தெளிவாகப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: சரக்கு திரும்பிய அன்று கடைக்காரர் அந்த ஸ்டாக்கிஸ்டுக்குப் பாக்கி வைத்திருந்தால் கிரெடிட் நோட்டும் ரொக்கமும் ஒன்றே. பாக்கி இல்லாமல் எல்லா பில்லுக்கும் பணம் கட்டி முடித்திருந்தால், கிரெடிட் நோட் என்பது கடைக்காரர் ஸ்டாக்கிஸ்டுக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். இந்த இரண்டு நிலைகளையும் பிரிக்காமல் ‘எங்கள் வழக்கம் கிரெடிட் நோட்தான்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதில்தான் சிறு கடைகளின் பணம் கரைகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். ‘கிரெடிட் நோட்டா, ரொக்கமா?’ என்று கேட்கும்போதே இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை இரு வேறு வேலைகளைச் செய்பவை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரக்கு திரும்பினாலோ குறைபாடு இருந்தாலோ விற்றவர் கிரெடிட் நோட் போடலாம் என்கிறது. அது வரிக்கான ஆவணம். முன்பு போட்ட பில்லின் மதிப்பும் வரியும் இவ்வளவு குறைந்தது என்பதை அரசுக்கும் வாங்கியவருக்கும் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. குறைந்த தொகை எந்த வழியில், எந்த நாளில் வாங்கியவரைச் சேர வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. வங்கி வழியே பணமாகவே திருப்பிக் கொடுத்தாலும் கிரெடிட் நோட் போட்டுத்தான் ஆக வேண்டும். அது இல்லாமல் விற்றவரின் வரி குறையாது. ஆகவே ‘ஜி.எஸ்.டி. வந்த பிறகு ரொக்கமாகத் திருப்பித் தர முடியாது, கிரெடிட் நோட்தான் சட்டம்’ என்று சேல்ஸ்மேன் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. கிரெடிட் நோட் எப்போதும் வேண்டும். அதை எப்படித் தீர்ப்பது என்பது வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். கடைக்காரர் தன் கணக்கில் போடும் டெபிட் நோட்டும் அவருடைய நினைவுக்குறிப்புதான். வரியை மாற்றும் வலிமை ஸ்டாக்கிஸ்ட் போடும் கிரெடிட் நோட்டுக்கே உண்டு. இந்த ஒரு ஏற்றத்தாழ்விலிருந்தே மற்றவை எல்லாம் கிளைக்கின்றன.

இனி கணக்குக்கு வருவோம். வடசேரியில் ஒரு மெடிக்கல் ஷாப் 2024 நவம்பரில் ஒரு ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கிய மருந்துகளில் 20,000 ரூபாய் மதிப்புள்ளவை விற்காமல் நின்று 2025 ஆகஸ்டில் காலாவதியாயின என்று வைத்துக்கொள்வோம். அன்றைய 12 சதவீத வரி 2,400 ரூபாய். ஆக பில்லில் கட்டியது 22,400 ரூபாய். செப்டம்பரில் டெலிவரி சலான் எழுதிச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். அக்டோபரில் 22,400 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றாலும், கிரெடிட் நோட் பழைய பில்லைத் திருத்துவது என்பதால் அதில் 12 சதவீதமே வர வேண்டும். 5 சதவீதம் போட்டு 21,000 ரூபாய்க்குத் தாள் வந்தால் அது தவறு என்று பார்த்த உடனேயே சொல்லிவிடலாம். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இப்போது இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்ப்போம். கடை அந்த ஸ்டாக்கிஸ்டிடம் 21 நாள் தவணையில் வாங்குகிறது, அன்றைக்கு 30,000 ரூபாய் பாக்கி இருக்கிறது என்றால், கிரெடிட் நோட்டைக் கழித்து 7,600 ரூபாய் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. இதைவிடச் சிறந்த ரொக்கத் திருப்பம் இல்லை. காசோலை எழுத வேண்டாம், காத்திருக்க வேண்டாம், கடைக்காரரின் பணம் கடைக்காரரிடமே நின்றுவிட்டது.

ஆனால் அதே கடை, தள்ளுபடிக்காகவோ பழைய மனத்தாங்கலாலோ, கைக்குக் கை பணம் கொடுத்து வாங்கும் கடை என்றால் கதை வேறு. பாக்கி ஏதும் இல்லை. ஸ்டாக்கிஸ்ட் சொல்கிறார்: இனி போடும் ஒவ்வொரு பில்லிலும் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். கடையின் மாதக் கொள்முதல் அவரிடம் வரி உட்பட 28,000 ரூபாய். மாதம் கழிவது 2,800. முழுத் தொகையும் கழிய எட்டு மாதம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால், மாதாமாதம் குறையும் நிலுவையின் மேல் எட்டு மாதத்துக்கு 1,008 ரூபாய் வட்டி. 22,400-க்கு அது நாலரை சதவீதம். விலைக் கட்டுப்பாட்டிலுள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்கு 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிக்கும் லாப விளிம்பே 16 சதவீதம்தான். கடை வாடகை, பார்மசிஸ்ட் சம்பளம், கரண்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் வட்டி இங்கே சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்னொன்று: தன்னுடைய 22,400 ரூபாயைத் திரும்பப் பெற, அந்தக் கடைக்காரர் அதே ஸ்டாக்கிஸ்டிடம் இன்னும் 2,24,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கியாக வேண்டும். பக்கத்து ஸ்டாக்கிஸ்ட் இரண்டு சதவீதம் கூடுதலாகத் தள்ளுபடி தந்தாலும் அந்த எட்டு மாதம் அங்கே முழுதாகப் போக முடியாது. தர வேண்டிய பணத்தைக் காட்டி வாடிக்கையைக் கட்டிப்போடும் கயிறாக மாறிவிடுகிறது அந்தத் தாள்.

இதனோடு வரியின் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இது. ஸ்டாக்கிஸ்ட் அக்டோபர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1இல் அந்தக் கிரெடிட் நோட்டைப் பதிவேற்றிய உடனே, கடையின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் 2,400 ரூபாய் உள்ளீட்டு வரி குறைந்து நிற்கும். நவம்பர் 20-க்குள் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி-யில் கடை அதைத் திருப்பியாக வேண்டும். கொள்முதலில் கழிவதோ அந்த மாதம் 2,800 ரூபாய். ஆக, முதல் மாதம் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கிடைத்ததில் 2,400 அரசுக்குப் போய்விடுகிறது. கடைக்காரருக்கு நிகரமாக நின்றது 400 ரூபாய். ஸ்டாக்கிஸ்டுக்கு நிலைமை நேர் எதிர். அவருடைய வரிப் பொறுப்பு அந்த மாதமே 2,400 ரூபாய் குறைந்துவிட்டது; பணத்தை மட்டும் அவர் எட்டு மாதமாகப் பிரித்துக் கொடுக்கிறார். 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 34(2)ஆம் பிரிவில் செய்த திருத்தம், வாங்கியவர் உள்ளீட்டு வரியைத் திருப்பினால்தான் விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும் என்று கட்டிவிட்டது. வரி விஷயத்தில் சட்டம் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நகர்த்துகிறது. பண விஷயத்தில் அப்படி நகர்த்த யாருமில்லை. 2024 அக்டோபரில் வந்த ஐ.எம்.எஸ். முறையில் கடைக்காரர் ஒரு கிரெடிட் நோட்டை ஏற்கவோ மறுக்கவோ முடியும். மறுத்தால் ஸ்டாக்கிஸ்டின் வரிப் பொறுப்பு கூடும். தொகை தவறாகவோ, திருப்பாத சரக்குக்கோ போட்ட தாளைத் தடுக்க அது நல்ல கருவி. ஆனால் சரியான தாளைப் பணம் வரவில்லை என்பதற்காக மறுப்பது அந்த ஏற்பாட்டின் நோக்கத்துக்கு ஒவ்வாது. அந்தச் சண்டையைப் பண மேசையில்தான் தீர்க்க வேண்டும்.

காலக்கெடு இன்னொரு கண்ணி. ஒரு நிதியாண்டில் விற்ற சரக்குக்கான கிரெடிட் நோட்டை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் காட்டினால்தான் வரி குறையும். நமது எடுத்துக்காட்டில் சரக்கு வாங்கியது 2024 நவம்பரில் என்பதால் கெடு 2025 நவம்பர் 30. கடை செப்டம்பரிலேயே அனுப்பியும், ‘கம்பெனியிலிருந்து வரவில்லை’ என்று ஸ்டாக்கிஸ்ட் டிசம்பர்வரை இழுத்தால், வரியைக் குறைக்கும் வாய்ப்பு போயிற்று. காலாவதி மருந்துகளுக்காகவே மத்திய மறைமுக வரி வாரியம் 2018 அக்டோபர் 26 அன்று வெளியிட்ட 72ஆம் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: கெடு தாண்டினாலும் கிரெடிட் நோட் போடலாம், ஆனால் வரியைச் சரிசெய்துகொள்ள முடியாது, அதை இணையதளத்தில் காட்டவும் வேண்டியதில்லை. அப்போது ஸ்டாக்கிஸ்ட் வரி நீங்கலாக 20,000 ரூபாய்க்குத்தான் தாள் கொடுப்பார். கடை எடுத்த உள்ளீட்டு வரி அப்படியே நின்றால் நிகரத்தில் மாற்றமில்லை. ஆனால் வரியில்லாத தாளையும் கொடுத்துவிட்டு, உள்ளீட்டு வரியையும் திருப்பு என்று சொன்னால் 2,400 ரூபாய் இரண்டு பக்கமும் போய்விடும். தாள் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை மூன்றே: எந்தப் பழைய பில்லைக் குறிக்கிறது, வரி தனியாகக் காட்டியிருக்கிறதா, தேதி நவம்பர் 30-க்கு முன்னா பின்னா. இதே சுற்றறிக்கை இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடை, திரும்பும் சரக்கைப் புதிய விற்பனையாகவே கருதித் தானே பில் போடலாம். கெடுவைத் தவறவிட்டவர்களுக்கும், கிரெடிட் நோட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும் இது உதவும். தொகை எவ்வளவு, எந்த நாளில் வர வேண்டும் என்பதைக் கடைக்காரரே எழுதும் ஆவணம் அது. பல ஸ்டாக்கிஸ்டுகள் இதை விரும்பாததற்கும் அதுவே காரணம்.

வாங்கியவருக்குப் பணமாகவே கேட்கும் உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. இங்கே நேர்மையாக ஒரு கோடு போட வேண்டும். உடைந்த பாட்டில், தவறான மருந்து, ஆர்டர் போடாத பேட்ச், வரும்போதே காலாவதிக்கு நெருங்கியிருந்த பட்டை ஆகியவை விற்றவரின் பிழை. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்கு ஒத்துவராத சரக்கை வாங்குபவர் மறுக்கலாம். மறுத்ததைத் தெரிவித்தாலே போதும், தானே செலவு செய்து திருப்பி அனுப்பக் கடமையில்லை என்கிறது 43ஆம் பிரிவு. விற்றவர் ஒப்பந்தத்தை மீறியதற்காக விலையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டால், பணம் கட்டிய நாளிலிருந்து வட்டி தரவும் நீதிமன்றத்துக்கு 61ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த இடத்தில் கிரெடிட் நோட்டை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த வரியிலும் இல்லை. ஆனால் காத்திருக்கவும் கூடாது. நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும் என்பது 42ஆம் பிரிவு. காலாவதி மருந்து இதற்குள் வராது. விற்றபோது அது நல்ல சரக்கு. கடையில் நின்றதால் காலம் கடந்தது. அதைத் திரும்ப எடுப்பது வணிக வழக்கத்தாலும் கம்பெனிகளின் கொள்கையாலும் நடப்பது. ஆகவே அதற்கு ஸ்டாக்கிஸ்ட் நிபந்தனை வைப்பதை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. வாங்கும்போதே சொல்லாத நிபந்தனையைத் திருப்பும்போது எடுத்து நீட்டுவதுதான் தவறு. பத்து சதவீத வரம்பு இருந்தால் அது பில்லின் அடியிலோ ஆர்டர் தாளிலோ முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் கடைக்காரர் ஆர்டரையே குறைத்திருப்பார்.

அடிக்கடி வாங்காத இடத்தில் கிரெடிட் நோட்டின் பலவீனம் இன்னும் பச்சையாகத் தெரியும். நாகர்கோவில் ஜவுளிக் கடை ஒன்று தீபாவளிக்காகச் சூரத்திலிருந்து சேலை இறக்குகிறது. ஒரு பேலில் சாயம் ஓடுகிறது. அடுத்த தீபாவளிக்கு அந்த வியாபாரியிடமே வாங்குவோமா என்று யாருக்கும் தெரியாது. டிசைன் மாறும், ஏஜென்ட் மாறுவார். ஓராண்டு கழித்துக் கழியும் தாள், ஓராண்டு கழித்து வரும் பணம்தான், அதுவும் வந்தால். கொள்முதல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்குத்தான் கிரெடிட் நோட்டுக்கு மதிப்பு என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஸ்டாக்கிஸ்டுகளின் மறுப்புகளுக்கு வருவோம். அவற்றில் நியாயம் இருக்கிறது. முதல் மறுப்பு: ‘கம்பெனி எனக்குப் பணமாகத் தருவதில்லை, மாதங்கள் கழித்து கிரெடிட் நோட்டாகத்தான் தருகிறது, நான் எங்கிருந்து கொடுப்பேன்?’ இது உண்மைதான். ஆனால் கம்பெனியிடம் ஸ்டாக்கிஸ்டுக்குப் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும் பாக்கி உண்டு; அவர் வாங்கும் அளவுக்கு ஒரு மாதக் கொள்முதலிலேயே முழுத்தொகையும் கழிந்துவிடும். அவருக்கு அந்தத் தாள் ரொக்கத்துக்குச் சமம். கைக்குக் கை வாங்கும் சிறு கடைக்குத்தான் சமமில்லை. சங்கிலியின் மேல்முனையில் சில வாரங்களில் கரையும் தாமதம், கீழ்முனைக்கு வரும்போது எட்டு மாதமாக நீள்கிறது. கம்பெனி ஏற்க மறுக்கும் சரக்கும் உண்டு; காலாவதியாகி எத்தனை மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால், கெடு தாண்டி வந்த பெட்டியை மறுக்கும் உரிமை ஸ்டாக்கிஸ்டுக்கு முழுமையாக உண்டு. ஏற்றுக்கொண்ட பிறகு பணத்தைத் தேக்கும் உரிமைதான் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ‘பணமாகவே திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர்கள் கணக்கில்லாமல் வாங்கி அடுக்குவார்கள், விற்றால் லாபம், விற்காவிட்டால் பணம் வாபஸ். எங்கள் சரக்கு அவர்களுக்கு இலவச இருப்பாகிவிடும்.’ இதைத் தள்ளிவிட முடியாது. கிரெடிட் நோட்டில் இருக்கும் சிரமமே கடைக்காரரைக் கவனமாக வாங்க வைக்கிறது என்ற வாதத்துக்கு அனுபவ பலம் உண்டு. ஆனால் பழி ஒரு பக்கம் மட்டும் இல்லை. மாத இறுதியிலும் மார்ச் மாதத்திலும் இலக்கை எட்டுவதற்காக ரெப்பும் சேல்ஸ்மேனும் ‘பத்துக்கு ஒன்று இலவசம்’ என்று தள்ளிவிடும் சரக்கே அடுத்த ஆண்டு காலாவதிப் பெட்டியை நிரப்புவது. தள்ளியவர் தாமதத்தின் சுமையை வாங்கியவர் மேல் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல. மிதமிஞ்சிய கொள்முதலைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது: ஆண்டுக் கொள்முதலில் இத்தனை சதவீதத்துக்கு மேல் காலாவதி ஏற்க மாட்டோம் என்று அளவுக்கு வரம்பு வைக்கலாம். கவனமில்லாமல் வாங்கியவர் அந்த வரம்பில் இடித்து நிற்பார். பணத்தைத் தாமதமாக்கும் முறையோ கவனமாக வாங்கியவரையும் மிதமிஞ்சி வாங்கியவரையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. பாக்கி வைக்காமல் ஒழுங்காகக் கட்டுபவரையே அதிகமாகத் தண்டிக்கிறது. பாக்கி வைப்பவர் கழித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாவதாக, ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் சிக்கல் என்று சொல்வதுண்டு. நோட்டுக் கட்டாகக் கை மாற்றினால் சிக்கல்தான். வங்கிக் கணக்கில் போட்டு, கிரெடிட் நோட் எண்ணைக் குறித்துவிட்டால் எந்த ஆடிட்டருக்கும் கேள்வி கேட்க இடமில்லை.

இதே கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும், பில்லில் சொன்ன காலத்துக்குள் அல்லது அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பாததையும் நியாயமற்ற வணிக முறை என்கிறது. குழித்துறையில் ஒருவர் வாங்கிய இரத்த அழுத்தக் கருவி வேலை செய்யவில்லை என்றால் கடைக்காரர் ஒரு மாதத்துக்குள் அவர் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அதே கருவியைக் கடைக்கு விற்றவர்மீது அந்தச் சட்டத்தைக் கடைக்காரர் காட்ட முடியாது. மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஒரு பக்கம் 30 நாளில் பணம் வெளியே போகிறது; மறுபக்கம் எட்டு மாதத்தில் கழிவாக உள்ளே வருகிறது. இடைவெளியை நிரப்புவது கடைக்காரரின் நடைமுறை மூலதனம்.

கிரெடிட் நோட் கெட்டுப்போகும் வழி இன்னொன்று உண்டு: ஸ்டாக்கிஸ்ட் அந்தக் கம்பெனியின் ஏஜென்சியை விட்டுவிடுவது. மருந்து வணிகத்தில் ஏஜென்சி கை மாறுவது அபூர்வமல்ல. மாறிய அன்று, அவரிடம் கழித்துக்கொள்ள வேண்டிய தொகை கிடக்கிறது, வாங்குவதற்குச் சரக்கு இல்லை. புதிய ஸ்டாக்கிஸ்டுக்கு அந்தப் பழைய தாளோடு சம்பந்தமில்லை. அப்போதுதான் பலருக்கும் அது ஈடில்லாத கடன் என்று புரிகிறது. கடனுக்குக் காலவரம்பு உண்டு. பொதுவாக மூன்று ஆண்டு. இதற்கு எளிய காப்பு ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் பேலன்ஸ் உறுதிக் கடிதம் வாங்கி வைப்பது. 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, காலவரம்பு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து இருந்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். ‘இன்ன கடைக்கு நாங்கள் தர வேண்டிய நிலுவை இவ்வளவு’ என்ற ஒரு வரியும் கையெழுத்தும் போதும். வாட்ஸ்அப்பில் ‘அடுத்த பில்லில் பார்த்துக்கலாம் அண்ணாச்சி’ என்று வரும் செய்தியை நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்த மாவட்டத்தின் இருப்பிடம் ஒரு சின்னச் சிக்கலைச் சேர்க்கிறது. 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த நிலம் இது. களியக்காவிளைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாங்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து வரும் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. இருக்கும், திரும்பும் சரக்குக்கான தாளிலும் ஐ.ஜி.எஸ்.டி.தான் குறைய வேண்டும். அதைத் தமிழ்நாட்டு ஸ்டாக்கிஸ்டின் தாள்போல இரண்டாகப் பிரித்துப் பதிந்துவிட்டால் ரிட்டர்னில் ஒத்துப்போகாது. இது கணக்காளர் ஒருமுறை கவனித்தால் தீரும் விஷயம்.

ஆக, கிரெடிட் நோட்டை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பாக்கி இருக்கும் இடத்தில் அதுவே மிகச் சரியான வழி. பாக்கி இல்லாத இடத்தில் அதை ரொக்கத்துக்கு மாற்றாக ஏற்கச் சொல்வது, பணத்தை ஒழுங்காகக் கட்டியவரிடம் கடன் வாங்குவது. மாவட்டத்து மருந்து வணிகர்களும் ஸ்டாக்கிஸ்டுகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஆர்டர் தாளில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம்: ‘திரும்பிய சரக்கின் மதிப்பு, அன்றுள்ள பாக்கியில் முழுமையாகக் கழிக்கப்படும், மிச்சம் இருந்தால் கிரெடிட் நோட் தேதியிலிருந்து 30 நாளுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும், அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்வது வாங்குபவரின் விருப்பம்.’ காலாவதிக்கு வரம்பு வேண்டுமென்றால் அதையும் அதன் கீழே எழுதட்டும். அந்த வாக்கியம் அச்சாகும்வரை, கைக்குக் கை வாங்கும் கடைக்காரர்கள் தாங்களாகவே அதைப் பேனாவால் எழுதி, ஸ்டாக்கிஸ்டின் கையெழுத்தை வாங்கிய பிறகே காலாவதிப் பெட்டியைக் கடையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும்.